11 மாத நகைச்சீட்டு: போனஸ் தவணையில் உண்மையாக எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் போடுவது எப்படி

தண்டையார்பேட்டை, காசிமேடு, கொடுங்கையூர் பக்கம் நகைச்சீட்டு அட்டை இல்லாத வீடு குறைவு. எங்கள் தெருவில் கணக்கு எழுதத் தெரிந்தவர் என்று பலரும் அந்த அட்டையை என்னிடம் கொண்டு வந்து காட்டுவார்கள். "பதினொண்ணு கட்டினா பன்னெண்டா தராங்க, லாபந்தானே?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. லாபமா இல்லையா என்பது அட்டையில் இல்லை. நகை எடுக்கும் நாளில் போடும் பில்லில் சேதாரம் எத்தனை சதவீதம் என்பதில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை 11 மாதம் கட்டி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடை தரும் சீட்டு விதிமுறைத் தாள், நீங்கள் கடைசியில் எடுக்க நினைக்கும் நகை எது என்ற ஒரு முடிவு, உங்கள் வங்கியில் ஓராண்டு ஆர்.டி.க்கு என்ன வட்டி என்ற தகவல், ஒரு கால்குலேட்டர். இவ்வளவு போதும்.

இவற்றில் இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "அப்ப பாத்துக்கலாம்" என்று சேர்ந்துவிடுவார்கள். ஆனால் சாதாரண வளையலுக்கு ஒரு சேதாரம், வேலைப்பாடுள்ள ஆரத்துக்கு வேறு சேதாரம். எந்த நகை என்று தெரியாமல் லாபத்தைக் கணக்கிட வழியே இல்லை. செயினா, கம்மலா, வளையலா, ஏறக்குறைய எத்தனை கிராம் என்ற அளவிலாவது முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. பணச்சீட்டா, கிராம் சீட்டா என்று பிரித்துப் பாருங்கள்

வெளியில் இரண்டும் ஒரே மாதிரி அட்டைதான். உள்ளே நடப்பது வேறு.

பணச்சீட்டில் நீங்கள் கட்டும் தொகை பணமாகவே கணக்கில் நிற்கும். 11 மாதம் முடிந்ததும் கடை தன் பங்காக ஒரு தவணையைச் சேர்க்கும். அந்த மொத்தத் தொகைக்கு, எடுக்கும் நாளின் ரேட்டில் நகை. போனஸ் தவணை என்று சொல்வது இந்த வகையைத்தான்.

கிராம் சீட்டில் ஒவ்வொரு மாதமும் கட்டும் பணம் அன்றைய ரேட்டில் கிராமாக மாற்றி வரவு வைக்கப்படும். இதில் வழக்கமாகப் போனஸ் தவணை இருக்காது. அதற்குப் பதில் ஒரு வரம்பு வரை சேதாரம் இல்லை என்பார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நகையின் சேதாரம் அந்த வரம்பைத் தாண்டினால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும்.

எது என்று தெரிய, ரசீதைப் பாருங்கள். ஒவ்வொரு மாத ரசீதிலும் கிராம் எடை அச்சாகியிருந்தால் கிராம் சீட்டு. ரூபாய் மட்டும் இருந்தால் பணச்சீட்டு. சில கடைகள் சேரும்போதே எது வேண்டும் என்று கேட்டு, படிவத்தில் உள்ள கட்டத்துக்குள் டிக் போடச் சொல்லும். அந்த டிக்கைக் கவுன்டரில் இருப்பவரே போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குவது வழக்கமாக நடக்கிறது. நீங்களே படித்துப் போடுங்கள்.

2. போனஸ் எப்போது கிடைக்காது என்ற பத்தியை முதலில் படியுங்கள்

விதிமுறைத் தாளின் முன்பக்கத்தில் போனஸ் பெரிய எழுத்தில் இருக்கும். அதை இழக்கும் வழிகள் பின்பக்கத்தில் இருக்கும். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, போனஸ் முழுத் தவணையா, அரை அல்லது முக்கால் தவணையா என்பது. எல்லாக் கடையும் முழுத் தவணை தருவதில்லை. இரண்டாவது, ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும் என்பது. சில இடங்களில் முதிர்வுத் தேதி தள்ளிப்போகும், சில இடங்களில் போனஸ் குறையும், சில இடங்களில் முழுதாகப் போய்விடும்.

மூன்றாவது, போனஸை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது. தங்க நாணயத்துக்குக் கிடையாது என்பது பொதுவான விதி. காரணம் எளிது. நாணயத்தில் சேதாரம் மிகக் குறைவு, கடைக்கு அதில் போனஸைத் திரும்ப எடுக்க இடமில்லை. அட்சய திருதியை, ஆடித் தள்ளுபடி போன்றவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தவும் பல இடங்களில் அனுமதி இல்லை.

நான்காவது, நடுவில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா, நகையாகத்தான் எடுக்க வேண்டுமா என்பது. பணமாகத் தரும் கடையிலும் போனஸ் சேராது. ஆறு மாதம் கட்டிவிட்டு மருத்துவச் செலவுக்காக நிறுத்துகிறவருக்கு, வட்டியே இல்லாமல் அசல் மட்டும் வரும். அடுத்த 11 மாதத்துக்கும் அந்தத் தொகை உறுதியாக வரும் என்று தெரியாதவர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் குடும்பங்கள், தவணையைக் குறைத்துச் சேருவது நல்லது. வங்காள விரிகுடா பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த இரண்டு தவணையை எங்கிருந்து கட்டுவது என்று முன்பே யோசித்துவிட்டுச் சேருங்கள்.

3. அட்டையில் தெரியும் லாபத்தைக் கணக்கிடுங்கள்

மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11 தவணையில் 55,000 கட்டுகிறீர்கள். கடை 5,000 சேர்க்கிறது. கையில் 60,000 ரூபாய்க்கான உரிமை.

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். 55,000க்கு 5,000 என்றால் 9 சதவீதம், ஆர்.டி.யைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் பணம் முழுவதும் 11 மாதம் அங்கே இருக்கவில்லை என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. முதல் தவணை 11 மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருந்தது. சராசரி 6 மாதம். 6 மாதத்துக்கு 9 சதவீதம் என்றால் ஆண்டுக்குத் தனிவட்டியாக 18 சதவீதம். இது அட்டையில் தெரியும் லாபம், கணக்கு சரியானதுதான்.

இரண்டாவது தவறு, இந்த 18 சதவீதத்தைக் கையில் வரும் லாபம் என்று நம்புவது. வங்கி தரும் வட்டி ரூபாய், அதை எங்கும் செலவழிக்கலாம். போனஸ் அந்த ஒரு கடையில், அந்தக் கடை வைக்கும் விலையில் மட்டும் செல்லும். விலையில் தங்கத்தின் ரேட் ஊருக்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சேதாரத்தைக் கடைதான் வைக்கிறது.

கடைசித் தவணை கட்டி ஒரு மாதத்தில் நகை எடுத்தால்தான் அந்த 18 சதவீதமும். இன்னொரு மாதம் தள்ளி எடுத்தால் சராசரி 7 மாதமாகி, லாபம் 15.6 சதவீதமாக இறங்கும். போனஸ் தொகை மாறாது, நாள்தான் கூடுகிறது.

4. சேருவதற்கு முன்பே இரண்டு கடையில் சேதாரம் கேளுங்கள்

சீட்டு சேரப்போகும் கடைக்குள் போய், சீட்டைப் பற்றிப் பேசாமல், எடுக்க நினைக்கும் நகையைக் காட்டச் சொல்லுங்கள். "இதுக்கு சேதாரம் எத்தனை பர்சென்ட்? எஸ்டிமேட் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். எஸ்டிமேட் சீட்டு தருவார்கள். அதில் நிகர எடை, கிராம் ரேட், சேதாரம், ஜி.எஸ்.டி. தனித்தனியாக இருக்கும். கல் பதித்த நகை என்றால் கல்லின் எடை கழித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு அதே மாதிரி நகைக்குச் சீட்டு இல்லாத இன்னொரு கடையில் விலை கேளுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடை, சவுகார்பேட்டை என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஒரு கடை கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். திருவொற்றியூரிலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவில் தியாகராயா கல்லூரி நிறுத்தத்தில் இறங்கி ஒன்றைப் பார்த்துவிட்டு, உயர் நீதிமன்ற நிறுத்தத்தில் இறங்கி அடுத்ததைப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது மூன்று விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் 22 காரட், இரண்டிலும் நகைக்கு நகை மாறும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாள முத்திரை, இரண்டுக்கும் முறையான ஜி.எஸ்.டி. பில். 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. கட்டாயம். "பில் வேணாம்னா வரி கொறையும்" என்று சொல்லும் கடையின் விலையை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். அது வேறு சரக்கு. நாளை தரத்தில் தகராறு வந்தால் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

5. ஒரே செயினை இரண்டு வழியில் வாங்கிப் பாருங்கள்

புரிவதற்காக ரேட் கிராமுக்கு 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். 5 கிராம் செயின். தங்கத்தின் விலை மட்டும் 50,000.

சீட்டுக் கடையில் சேதாரம் 16 சதவீதம். அது 8,000. கூட்டினால் 58,000. ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 1,740. ஆக 59,740 ரூபாய். உங்கள் 60,000 ஏறக்குறைய சரியாகத் தீர்ந்துவிடும். மீதிச் சில்லறையில் ஹால்மார்க் கட்டணமும் அடங்கிவிடும்.

வெளிக்கடையில் அதே செயினுக்குச் சேதாரம் 8 சதவீதம். அது 4,000. கூட்டினால் 54,000. ஜி.எஸ்.டி. 1,620. ஆக 55,620 ரூபாய்.

இரண்டு பில்லுக்கும் வித்தியாசம் 4,120. கடை கொடுத்த போனஸ் 5,000. அதாவது போனஸில் 4,120 ரூபாய் சேதாரம் வழியாகக் கடைக்கே திரும்பிவிட்டது. உங்களுக்கு மிஞ்சியது 880. 55,000 ரூபாய் சராசரியாக 6 மாதம் இருந்ததற்கு 880 என்றால் ஆண்டுக்கு 3.2 சதவீதம். அட்டையில் 18 என்று தெரிந்தது பில்லில் 3 ஆகிவிட்டது.

இதே 5,000த்தை மாதாமாதம் 6.5 சதவீத ஆர்.டி.யில் போட்டிருந்தால் வட்டி ஏறக்குறைய 1,790 வந்திருக்கும். 56,790 ரூபாயோடு வெளிக்கடைக்குப் போய் 55,620க்கு அதே செயினை வாங்கினால், கையில் 1,100 ரூபாய்க்கு மேல் பணமாகவே மிஞ்சும்.

இப்போது சீட்டுக் கடையிலும் சேதாரம் அதே 8 சதவீதமாக இருந்தால்? போனஸ் முழுவதும் உங்களுடையது. 18 சதவீதம் உண்மையான லாபம். அப்படிக் கடைகளும் இருக்கின்றன. அதனால்தான் "சீட்டு நல்லதா" என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எந்தக் கடை, எந்த நகை என்று கேட்டால் சொல்லிவிடலாம்.

6. ஆறு சதவீத வித்தியாசத்தை எல்லைக்கோடாக வையுங்கள்

ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கும் போடத் தேவையில்லை. மேலே உள்ள எண்களிலிருந்தே ஒரு எல்லை கிடைக்கிறது. போனஸ் 5,000. அதில் ஆர்.டி. வட்டியாக எப்படியும் வந்திருக்கக்கூடிய 1,790ஐக் கழித்தால் 3,210. வரியோடு சேர்த்து, இது 50,000 ரூபாய்த் தங்கத்தில் 6 சதவீதச் சேதாரத்துக்குச் சற்று மேல்.

எனவே முழுத் தவணை போனஸ் தரும் சீட்டில், அந்தக் கடையின் சேதாரம் வெளிக்கடையைவிட 6 சதவீதத்துக்குள் அதிகம் என்றால் சேரலாம். அதற்கு மேல் போனால் ஆர்.டி.யே மேல். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தொட்டால் போனஸ் முழுதும் போய், கூடுதலாகவும் கொடுக்கிறீர்கள்.

போனஸ் அரைத் தவணைதான் என்றால் எல்லை வெகுவாகச் சுருங்கிவிடும். 2,500இல் 1,790 கழித்தால் 710தான் மிச்சம். ஒன்றரை சதவீதச் சேதார வித்தியாசம்கூடத் தாங்காது. அரைத் தவணைச் சீட்டில் சேருகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

7. தங்க விலை ஏறினால் என்ன என்று தனியாகப் பாருங்கள்

"வெல ஏறிட்டே போவுது, அதனால சீட்டு லாபம்" என்று சொல்வார்கள். பணச்சீட்டில் இது நேர்மாறு. உங்கள் பணம் ரூபாயாகத்தான் நிற்கிறது. விலை ஏற ஏற, கடைசி நாளில் கிடைக்கும் கிராம் குறையும்.

ரேட் 10,000இல் தொடங்கி அப்படியே நின்றால் பணச்சீட்டின் 60,000க்கு, சேதாரம், வரி கணக்கில் சேர்க்காமல், 6 கிராம் வரும். போனஸ் இல்லாத கிராம் சீட்டில் 5.5 கிராம்தான். ரேட் மாதாமாதம் ஒரே சீராக ஏறி 11,800இல் நின்றால் இரண்டிலும் ஏறக்குறைய 5.08 கிராம். அதாவது 18 சதவீத ஏற்றத்தில் இரண்டும் சமம். 13,000 வரை போனால் கிராம் சீட்டில் 4.85, பணச்சீட்டில் 4.6தான்.

2025இல் விலை ஏறிய வேகத்தில் பணச்சீட்டு கட்டியவர்களுக்குப் போனஸ் சேர்ந்தும் கிராம் குறைந்தது. அடுத்த 11 மாதம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு இத்தனை சவரன் என்று எடைக் கணக்கில் சேர்க்கிறவர்களுக்குக் கிராம் சீட்டு பொருத்தம், விலை எங்கே போனாலும் கட்டிய மாதத்தின் எடை கையில் நிற்கும். தொகைக்கு ஏற்ப ஏதோ ஒரு நகை என்றால் பணச்சீட்டு போதும். கிராம் சீட்டிலும் நான்காவது படியை விடாதீர்கள். சேதார விலக்கின் வரம்புக்கு மேல் போகும் நகைகளையே அந்தக் கடையில் அதிகம் அடுக்கியிருந்தால் விலக்கின் பயன் குறைந்துவிடும்.

8. கட்டும் மாதங்களில் செய்ய வேண்டியது

மாதத்தின் ஒரே தேதியில் கட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அச்சு ரசீது அல்லது குறுஞ்செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கவுன்டரை விட்டு நகர வேண்டும். வீட்டுக்கு வந்து வசூலிக்கும் ஏஜென்டிடம் பணம் கொடுத்து அட்டையில் கையெழுத்து மட்டும் வாங்குவது ஆபத்து. அந்தப் பணம் கடைக் கணக்கில் ஏறியதற்கு அந்தக் கையெழுத்து போதிய ஆதாரம் ஆகாமல் போகலாம்.

9. எடுக்கும் நாள்

கம்பெனியாகப் பதிவான கடை, சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகத் தீர்க்க வேண்டும். தாண்டினால் அது டெபாசிட்டாகிவிடும், அதற்குத் தனிச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. 2014இல் வந்த கம்பெனி டெபாசிட் விதிகள் இவை. சீட்டுகள் 11 மாதத்தில் முடிவது இதனால்தான். முதல் தவணை கட்டிய தேதியிலிருந்து 365 நாள் எண்ணி, அதற்கு முன்பே நகை எடுத்துவிடுங்கள். ஆவணி வரட்டும், தை வரட்டும் என்று தள்ளாதீர்கள்.

கடைக்குள் போனதும் முதலில் நகையைத் தேர்ந்தெடுத்து எஸ்டிமேட் வாங்குங்கள். சீட்டு அட்டையை அதற்குப் பிறகு காட்டுங்கள். அட்டையை முன்பே காட்டினால் "சீட்டு கஸ்டமருக்கு இந்தப் பக்கம்" என்று சேதாரம் அதிகமுள்ள நகைகள் பக்கம் அழைத்துப் போகும் கடைகள் உண்டு. சேருவதற்கு முன் வாங்கிய பழைய எஸ்டிமேட்டையும் கையில் வைத்திருங்கள். அதே வகை நகைக்கு அன்று 12 சதவீதம் போட்டவர்கள் இன்று 16 போட்டால், அந்தப் பழைய எஸ்டிமேட்டைக் காட்டிக் கேட்கலாம். கேட்டால் குறைப்பார்கள், கேட்காதவருக்குக் குறைக்க மாட்டார்கள்.

பில்லில் போனஸ் எந்த இடத்தில் கழிகிறது என்று பாருங்கள். வரிக்கு முன் தள்ளுபடியாகக் கழித்தால் 5,000க்கு 150 ரூபாய் ஜி.எஸ்.டி. மிச்சம். மொத்தத் தொகை போட்ட பிறகு கட்டிய பணம்போலக் கழித்தால் அந்த 150 கிடைக்காது. மேலே நான் போட்ட கணக்கு இரண்டாவது முறைப்படி.

நகையில் பி.ஐ.எஸ். சின்னம், 22K916, எச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்கிறதா என்று லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். போனில் BIS Care செயலியில் Verify HUID பகுதியில் அந்த ஆறு எழுத்து-எண்ணைத் தட்டினால் நகையின் வகையும் தரமும் வரும். செயின் வாங்கிவிட்டு, அதில் மோதிரம் என்று வந்தால் பணம் தீர்க்காமல் அங்கேயே கேளுங்கள்.

10. கடை மூடினால் பணம் என்ன ஆகும்

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. பதிவு பெற்ற ஏலச்சீட்டுக்கு இருக்கும் பதிவாளர் கண்காணிப்பும் இதற்குக் கிடையாது. நீங்கள் கொடுப்பது சரக்குக்கான முன்பணம் மட்டுமே. அதனால் குடும்பத்தில் மூன்று பேர் சேருகிறீர்கள் என்றால் மூன்றையும் ஒரே கடையில் போடாதீர்கள். மற்ற கடையெல்லாம் ஒரு தவணை தரும்போது ஒரு கடை மட்டும் இரண்டு, மூன்று தவணை தருகிறேன் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பதில் வராத வரை சேராதீர்கள்.

முதிர்ந்த பிறகு நகை தராமல் "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால், ஒரு முறை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். கடையே பூட்டிவிட்டால் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொத்தை முடக்கிப் பணம் திருப்பித் தர வழி உண்டு, ஆனால் காலம் பிடிக்கும். அங்கே முதலில் கேட்பது ரசீதுகளைத்தான். ஒவ்வொரு மாத ரசீதையும் அன்றே போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அச்சு ரசீதின் மை ஒரு வருடத்துக்குள் மங்கிப்போகும்.